ஊதுபத்திப் பெட்டியின் முகப்பில் கறை எங்கிருந்து வருகிறது

பிரட்றிக் கோட்டை வாசலைக் கடந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் அர்ச்சனைச் சாமான் விற்கும் கடைகளில் ஊதுபத்திப் பெட்டிகளைக் கொஞ்சம் நின்று பார்த்தால் இரண்டு சாதி தெரியும். ஒன்று, தெய்வப் படமும் பூவும் தங்கக் கரையுமாக ஒரு விரலளவு இடமும் விடாமல் அச்சடித்தது. மற்றது, வெளிர் சந்தன நிறத்தில் ஒரேயொரு புகைச்சுருள் எழும்ப, கீழே மூன்று மொழியிலும் பெயர் மட்டும் போட்டது. இரண்டாவது வகைக்குத் திருகோணமலையில் ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. படம் இல்லாத பெட்டியைக் கோயிலுக்குப் போகிறவரும் வாங்குவார், விகாரைக்குப் போகிறவரும் வாங்குவார், வீட்டில் வாசத்துக்காகக் கொளுத்துகிறவரும் வாங்குவார். குச்சி முடிந்தபின் வெறும் பெட்டியைக் குப்பையில் போடவும் கை கூசாது.

ஆனால் அமைதியான முகப்புக்கு ஒரு கெட்ட குணம்: அது எதையும் மறைக்காது. படம் நிறைந்த பெட்டியில் கண்ணுக்குப் படாத கறை, வெளிர் சந்தன நிறத்தில் ஒன்றரை மாதத்துக்குள் கருத்துத் தெரியும். பெரும்பாலும் பெட்டியின் கீழ்முனையில், மடிப்பு ஓரமாகத் தொடங்கும்.

“தம்பி, நீர் போனமுறை தந்த பெட்டியெல்லாம் ஈரம் பட்டுப் போச்சு” என்பார் கடைக்காரர். “வாடைக்காற்று அண்ணை, என்ன செய்யிறது” என்பார் கொண்டுவந்து கொடுப்பவர். இருவரும் அதோடு விட்டுவிடுவார்கள். அது பெரும்பாலும் ஈரம் அல்ல. தண்ணீர் பட்ட மட்டை நெளியும், காய்ந்தால் நிறம் திரும்பும், ஓரத்தில் ஒரு கோடு மட்டும் மிஞ்சும். எண்ணெய் பட்ட மட்டை நெளியாது, எத்தனை நாள் வெளியில் வைத்தாலும் நிறம் திரும்பாது. பெட்டியைப் பிரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்த இடம் மட்டும் ஒளி ஊடுருவித் தெரியும். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். அதைச் செய்யாமல் பருவத்தைக் குறை சொன்னால் அடுத்த தொகுதியும் அப்படியேதான் வரும்.

எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று புரிய, குச்சியிலிருந்தே தொடங்க வேண்டும். இன்று கடையில் கிடைக்கும் ஊதுபத்திகளில் பெரும்பகுதி இரண்டு கட்டமாகச் செய்யப்படுபவை. முதலில் மூங்கில் குச்சியின் மேல் கரித்தூளும் மரத்தூளும், அவற்றைப் பிடித்து வைக்கும் ஜிகட் என்ற மரப்பட்டைத் தூளும் குழைத்த மசாலாவை ஏற்றிக் காயவைப்பார்கள். இதற்கு வாசம் கிடையாது, வெறுங்குச்சி. பிறகு அதை வாசனைக் கரைசலில் நனைப்பார்கள். வாசனைத் திரவியத்தை அப்படியே ஊற்றினால் கட்டுப்படியாகாது, எரியும்போதும் காரமாக இருக்கும். ஆகவே டைஎதில் தாலேட் என்ற நிறமற்ற திரவத்தில் கலப்பார்கள். தொழிலில் இருப்பவர்கள் சுருக்கமாக டி.இ.பி. என்பார்கள். ஒரு பங்கு வாசனைக்கு மூன்று, நான்கு பங்கு டி.இ.பி. சேர்ப்பது பரவலான வழக்கம்.

எல்லாச் சிக்கலுக்கும் வேர் அந்த டி.இ.பி.யின் ஒரு குணத்தில் இருக்கிறது. அதன் கொதிநிலை கிட்டத்தட்ட 295 பாகை செல்சியஸ். தண்ணீர் போலவோ மதுசாரம் போலவோ அது காற்றில் போய்விடாது. நனைத்த குச்சியைத் தட்டில் பரப்பிவிட்டு “ரெண்டு நாள் காயட்டும்” என்று சொல்வது வெறும் பழக்கச் சொல்; அங்கே காய்வதென்று ஒன்றும் பெரிதாக நடப்பதில்லை. நடப்பது, மேலே நிற்கும் திரவம் கரியின் நுண்துளைகளுக்குள் மெல்ல இறங்குவது. உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவுதான் இறங்கும். மிச்சம் குச்சியின் மேலேயே நிற்கும். இரண்டு நாள் அல்ல, இரண்டு மாதம் வைத்தாலும் நிற்கும். அந்த மிச்சம்தான் பிறகு குச்சியைச் சுற்றிய பிளாஸ்திக் உறைக்கும், உறையிலிருந்து மட்டைக்கும் நகர்கிறது. வெயிலில் காயவைத்தால் இது தீராது. வாசனையின் மெல்லிய பகுதி மட்டும் பறந்துபோகும், கனத்த டி.இ.பி. அங்கேயே இருக்கும். பணம் கொடுத்து வாங்கியது போய், பிரச்சினை மட்டும் மிஞ்சும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உவர்மலையில் வீட்டோடு தொழில் செய்யும் ஒருவர் 500 பெட்டி போடுகிறார், பெட்டிக்கு 20 குச்சி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 10,000 குச்சி. எட்டு அங்குல வெறுங்குச்சி ஒன்று 0.8 கிராம் என்றால் 8 கிலோ வெறுங்குச்சி. அந்தக் குச்சி 0.25 கிராம் கரைசலைத் தாராளமாக உள்ளே எடுத்துக்கொள்கிறது என்று சிறு அளவில் பார்த்துத் தெரிந்துகொண்டார். ஆக 2.5 கிலோ கரைசல் வேண்டும். ஒன்றுக்கு நான்கு என்று கலந்தால் 500 கிராம் வாசனை, 2 கிலோ டி.இ.பி. ஒரு பெட்டிக்குள் போகும் திரவம் 5 கிராம்; அதில் வாசனை 1 கிராம்.

இப்போது நனைக்கும்போது அவசரம். குச்சிக் கட்டை வாளிக்குள் விட்டு எடுத்ததும் வடியவிடாமல் தட்டில் பரப்பிவிட்டார்கள். குச்சிக்கு 0.25க்குப் பதில் 0.40 கிராம் ஏறிவிட்டது. கண்ணால் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது. நனைத்த குச்சி எப்படியும் கருகருவென்றுதான் மினுங்கும். ஆனால் பெட்டிக்குள் போன திரவம் 8 கிராம். அதில் 3 கிராமுக்குக் குச்சிக்குள் இடமில்லை. ஒரு சின்னப் பெட்டிக்கு மூன்று கிராம் எண்ணெய் என்பது அரைத் தேக்கரண்டிக்கு மேல். அதை முகப்பு மட்டையில் ஊற்றினால் என்ன ஆகுமோ அதுதான் ஒன்றரை மாதத்தில் மெதுவாக நடக்கிறது.

இதைப் பிடிக்கத் தராசு ஒன்றே போதும். 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசில் நனைக்குமுன் நூறு குச்சியை நிறுத்து எழுதிவைத்து, அதே நூறை நனைத்து வடித்தபின் நிறுக்க வேண்டும். மேலே சொன்ன குச்சிக்கு 80 கிராம் 105 ஆக வேண்டும். 112ஐத் தாண்டினால் வடிந்தது போதாது. 120 என்றால் வடிப்பதை மட்டும் நம்பிப் பயனில்லை. கட்டைப் பிரித்து, பழுப்புக் காகிதத்தில் உருட்டி ஒற்றியெடுக்க வேண்டும். முதல் நூறில் இதைக் கண்டுபிடித்தால் காகிதத்தோடு போய்விடும். பத்தாயிரத்துக்குப் பிறகு கண்டுபிடித்தால் வெறுங்குச்சியும் வாசனையும் அச்சடித்த பெட்டியும் சேர்ந்து போகும்.

நனைக்கும் முறை இப்படி. நூறு குச்சிக் கட்டை இறுக்கிக் கட்டக்கூடாது. நடுவில் இருப்பவை நனையாமல் போகும். ரப்பர் வளையத்தைக் கைப்பிடி மூங்கில் பக்கம் தளர்வாகப் போட்டு, மசாலா உள்ள பகுதி மட்டும் மூழ்கும்படி உயரமான பாத்திரத்தில் சில நொடி விட்டு எடுக்க வேண்டும். மூங்கில் பகுதி நனையக்கூடாது. நனைந்தால் சாயம் போட்ட முனை நிறம் விடும், கொளுத்துகிறவரின் விரலிலும் எண்ணெய் ஒட்டும். எடுத்ததும் பாத்திரத்தின் மேலேயே பிடித்து உதறி, பிறகு கம்பி வலைமேல் மசாலாப் பக்கம் கீழே இருக்கச் சாய்த்துக் கால்மணி நேரம் வடியவிட வேண்டும். வடிந்தது வீணாகாது, அடுத்த கட்டுக்கு வரும். அதன்பின் காற்றில் பரப்பாமல், மூடியுள்ள தகரப்பெட்டியிலோ தடித்த பொலித்தீனால் மூடியோ ஓர் இரவு வைக்க வேண்டும். திரவம் உள்ளே இறங்குவதற்குத்தான் நேரம் தேவை. அதற்குக் காற்று தேவையில்லை.

மறுநாள் காலை கடைசிச் சோதனை. ஐந்து குச்சியை வெள்ளை மெல்லிழைக் காகிதத்தில் வரிசையாக வைத்து, மேலே இன்னொரு தாள், அதன்மேல் ஒரு தடித்த புத்தகம். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் காகிதத்தில் கரி அடையாளம் மட்டும் இருக்கலாம். கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் கோடு விழுந்திருந்தால் அந்தத் தொகுதி பெட்டிக்குப் போகத் தயாரில்லை.

திருகோணமலைக்காரருக்கு இங்கே ஒரு கூடுதல் சிக்கல். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெறுங்குச்சி மொடமொடவென்று இருக்கும். வளைத்தால் மசாலா டக்கென்று வெடிக்கும். கார்த்திகை, மார்கழி வாடையில் அதே குச்சி தொய்ந்துபோகும். கரியும் மரத்தூளும் காற்றிலிருக்கும் ஈரத்தை எடுத்துக்கொள்ளும். நூறு குச்சி 80 கிராமுக்குப் பதில் 84 காட்டினால் அந்த 4 கிராம் தண்ணீர். தண்ணீர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் துளைக்குள் எண்ணெய் அவ்வளவு இலகுவில் போகாது. ஆகவே கச்சானில் சரியாக இருந்த அதே அளவு, வாடையில் மேலே மிஞ்சி நிற்கும். கடைக்காரரும் கொண்டுவந்தவரும் பருவத்தைக் குறை சொன்னதில் இந்த அளவுக்கு உண்மை உண்டு. ஆனால் அந்த ஈரம் கடையில் பெட்டிக்குமேல் பட்ட ஈரம் அல்ல, நனைக்குமுன் குச்சிக்குள் இருந்த ஈரம்.

தீர்வு எளிது: வாடையில் வெறுங்குச்சியை நனைக்குமுன் உலர்த்த வேண்டும். வாசம் ஏறாத குச்சி என்பதால் இங்கே வெயில் ஆகும். ஆனால் நேர்வெயிலில் ஒருபக்கமாகக் கிடந்தால் மூங்கில் வளையும். மெல்லிய துணி போட்டு, அரைமணிக்கொருமுறை புரட்டிவிட வேண்டும். மழை விடாத நாளில் மூடிய அலுமாரிக்குள் இழை மின்குமிழ் ஒன்றை எரியவிட்டு வைப்பதும் நடக்கும். எது செய்தாலும் நிறுக்கும்போது 80க்குத் திரும்பிவந்ததா என்பதே கேள்வி. டி.இ.பி. வேண்டாம் என்று டைபுரோப்பிலீன் கிளைக்கோல் பக்கம் போகிறவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். அது தண்ணீரோடு கலக்கும், காற்றிலிருந்தும் ஈரம் இழுக்கும். கரையோர ஊரில் அப்படிச் செய்த குச்சி பாதியில் அணைகிறது என்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது உறை. மட்டைப்பெட்டி வாசத்தைப் பிடித்து வைப்பதில்லை. அது வடிவத்தையும் முகப்பையும் தாங்கும், அவ்வளவுதான். வாசத்தைப் பிடிப்பது உள்ளே இருக்கும் பிளாஸ்திக் உறை. சாதாரண பொலித்தீன் தண்ணீரைத் தடுக்கும், ஆனால் வாசனை எண்ணெய் அதற்குள் ஊறி மறுபக்கம் வந்துவிடும். சில கிழமையில் உறை நெளிந்து பிசுபிசுப்பதைக் கையாலேயே உணரலாம். இழுத்து நீட்டிய பொலிபுரோப்பிலீன், அதாவது தொட்டால் மொறமொறவென்று சத்தம் போடும் தெளிவான தாள், இதைவிட எவ்வளவோ மேல். வெள்ளி பூசிய பொலியெஸ்டர் அடுக்குத் தாள் அதைவிடவும் மேல், விலையும் அப்படியே. எது நல்லது என்று விற்பவரிடம் கேட்பதைவிட, குச்சி போட்டு ஒட்டிய உறையை மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் ஓர் இரவு வைத்து, காலையில் மூடியைத் திறந்து மோந்து பார்க்கலாம். போத்தல் மணந்தால் உறையோ ஒட்டோ விடுகிறது.

ஒட்டு விடுவதுதான் அதிகம். மொறமொறத் தாளில் சூட்டில் ஒட்டும் வகை தனி. சாதாரண வகையைச் சூட்டு ஒட்டியில் வைத்தால் சுருங்கிச் சுருக்கம் விழும், இறுக ஒட்டாது. சரியான தாளாக இருந்தாலும் ஒட்டும் இடத்தில் எண்ணெய் விரல் பட்டிருந்தால் ஒட்டு பார்க்க நன்றாக இருந்து இழுத்ததும் பிரியும். குச்சியைப் போடுகிறவரும் உறையை ஒட்டுகிறவரும் ஒரே ஆளாக இருந்தால் இது நிச்சயம் நடக்கும். இரண்டு ஆள் இல்லையென்றால், நூறு உறையில் குச்சியைப் போட்டு முடித்து, கை கழுவித் துடைத்துவிட்டு நூறையும் ஒட்டலாம். குச்சியை மூங்கில் முனை வாய்ப்பக்கம் வரும்படி போட்டால் எண்ணெய்ப் பகுதி ஒட்டிலிருந்து தள்ளி நிற்கும். வாங்குகிறவரும் திறந்ததும் மூங்கிலைப் பிடித்தே இழுப்பார், மசாலா உதிராது.

பெட்டி அளவில் பலர் சறுக்குவது அகலத்தில். இருபது குச்சியை நெருக்கி அடுக்கிய கட்டுக்கு, ஒரு குச்சியின் தடிப்பைப்போல் ஐந்து மடங்குக்குச் சற்று மேல் விட்டம் வரும். 3.2 மில்லிமீற்றர் குச்சிக்கு ஏறக்குறைய 16.5. உறைக்கும் கோணல் குச்சிக்கும் சேர்த்து, அறுகோணப் பெட்டியின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே 19 மில்லிமீற்றர் விட்டால் போதும். ஒவ்வொரு முகமும் 11 மில்லிமீற்றர் வரும். மட்டையை மிச்சம் பிடிக்க 17க்கு இறக்கினால் கட்டு மட்டையை அழுத்திக்கொண்டே இருக்கும். அழுத்தம் உள்ள இடத்தில்தான் உறைமேல் ஊறிய எண்ணெய் மட்டைக்குத் தாவும். நீளத்தில் எட்டு அங்குலக் குச்சிக்கு 203ஓடு 6 சேர்த்து 209 விட வேண்டும். மட்டையின் நார் ஓட்டம் பெட்டியின் நீளவாக்கில் இருக்கும்படி அச்சகத்தில் சொல்லிவைக்க வேண்டும். குறுக்கே ஓடினால் ஆறு மடிப்பிலும் மேற்பூச்சு வெடித்து வெள்ளைக் கோடு தெரியும், அந்த வெடிப்பு வழியாக எண்ணெய் முதலில் முகப்புக்கு வரும். கறை பெரும்பாலும் மடிப்போரம் தொடங்குவதன் ரகசியம் இவ்வளவுதான்.

முகப்பு அச்சுக்கு வருவோம். அசையாத அறையில் ஊதுபத்திப் புகையைப் பார்த்தவருக்குத் தெரியும்: நுனியிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் உயரத்துக்கு நூல் பிடித்தாற்போல் நேரே போகும், பிறகு அலையும், அதற்கும் மேலே உடைந்து கலையும். நுனியிலேயே சுருள் சுருளாக வரைந்த படம் அமைதியைக் காட்டாது, மின்விசிறி ஓடும் அறையைத்தான் காட்டும். இது என் ரசனை மட்டுமல்ல. பார்க்கிறவர் காரணம் தெரியாமலே அதைப் பொய்யென்று உணர்கிறார்.

அச்சில் புகையைக் கெடுப்பது அதன் ஓரம். வெள்ளைத் தாளில் சாம்பல்நிறப் புகையை மெல்ல மெல்ல ஒன்றுமில்லாமல் கரையவிட்டால், திரையில் அழகாக இருக்கும். அச்சுப் பொறி வெளிர் நிறத்தைச் சின்னச் சின்னப் புள்ளிகளாகவே இடும்; தாளில் இரண்டு மூன்று சதவீத இடத்துக்குக் குறைவாக நிரப்பும் புள்ளிகள் விழாது. ஆகவே கரைய வேண்டிய ஓரம் கத்தரித்ததுபோல் நின்றுவிடும். இதற்கு வழி, தலைகீழாக யோசிப்பது. பின்னணியை 20 சதவீத அளவில் ஒரே சந்தன நிறமாக வைத்து, புகையை அதைவிட வெளிராக்க வேண்டும். புகையின் நடு 5 சதவீதத்துக்கு இறங்கும், ஓரம் பின்னணியின் 20க்கே திரும்பும். எங்கும் புள்ளி காணாமல் போகாது, ஓரம் உண்மையாகவே கரையும். அந்தச் சந்தன நிறத்தை மூன்று நிறம் கலந்து எடுக்காமல் தனி மையாகக் கலந்து அடிக்கச் சொல்வது நல்லது. கலந்து எடுத்தால் தாளுக்குத் தாள் சிறிது சிவக்கும், சிறிது மஞ்சளிக்கும். தனிப் பெட்டியாகப் பார்த்தால் தெரியாது. கடைத்தட்டில் பத்துப் பெட்டி அடுக்கினால் பத்தும் வேறு வேறு நாளில் செய்ததுபோல் தெரியும்.

மேலே பளபளப்பில்லாத மெல்லிய பிளாஸ்திக் தாள் ஒட்டினால் கறை வராது என்று அச்சகத்தில் சொல்வதுண்டு. வெளியிலிருந்து வரும் விரல் அடையாளத்துக்கு அது சரி. உள்ளிருந்து வரும் எண்ணெய்க்கு அது ஒன்றும் செய்யாது. மட்டை நாருக்குள் ஊறி நிறம் மாறுவது அந்தத் தாளுக்குக் கீழேதான்.

கடையில் வைப்பது பற்றி ஒன்றிரண்டு. கிழக்கே பார்த்த கண்ணாடி அலுமாரியில் காலை வெயில் நேரே விழுந்தால் மஞ்சளும் சிவப்பும்தான் முதலில் வெளுக்கும், சந்தன நிறம் சாம்பலாகும். பெட்டியைக் கிடையாக அடுக்கினால், மிஞ்சிய எண்ணெய் இருந்தாலும் ஒரே முனைக்கு இறங்காது. பலசரக்குக் கடையில் தேயிலைக்கும் மாவுக்கும் பக்கத்தில் மட்டும் வைக்கக்கூடாது. தேயிலை வாசத்தை உறிஞ்சுவதில் எதற்கும் சளைத்ததல்ல. மல்லிகை ஊதுபத்தி மணக்கும் தேத்தண்ணியை ஒருமுறை குடித்த வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார்.

கறை பட்ட பெட்டி கைக்கு வந்துவிட்டால் குச்சியை எறிய வேண்டியதில்லை. அப்படியே கொளுத்தினால் புகை அதிகம், கண் எரியும், பாதியில் அணையவும் கூடும். அது மிஞ்சிய டி.இ.பி.யின் வேலை. குச்சிகளைப் பழுப்புக் காகிதத்தில் உருட்டிச் சுற்றி, இரண்டு நாளில் காகிதத்தை மாற்றி, ஊறுவது நின்றதும் மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் போட்டு வைக்கலாம். பிறகு ஒன்றைக் காற்றில்லாத இடத்தில் கொளுத்தி நேரம் பார்க்க வேண்டும். ஆறரை அங்குல மசாலாப் பகுதி அரைமணிக்குக் கிட்டத்தட்ட எரிந்து, சாம்பல் சிறு துண்டாக உதிர்ந்தால், அந்தப் போத்தலில் இருக்கும் மற்றவையும் பூசைக்கு ஆகும்.